மோட்டாரில் 23, கெபாசிட்டரில் 18.4, மெயின் ஒயரில் 13.8

"சார், நான் கோத்தகிரி பக்கம் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ கணக்குப் பிரிவு படிக்கிறேன். அப்பா தேயிலை ஃபேக்டரியில் எலெக்ட்ரீஷியன். எனக்கும் எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் படிக்க ஆசை. ஆனால் கலப்பு எண்கள் பாடம் வந்ததிலிருந்து மனசு விட்டுப்போச்சு. எந்த எண்ணை வர்க்கப்படுத்தினாலும் மைனஸ் வராது என்று பத்தாவது வரை சொல்லிக்கொடுத்துவிட்டு, இப்போது i² = −1 என்கிறார்கள். காலாண்டுத் தேர்வில் அந்தக் கேள்விகளை நான் தொடவே இல்லை. இல்லாத எண்ணை வைத்து எந்த மெஷின் ஓடப்போகிறது? வேறு கோர்ஸ் பார்க்கலாமா?"
– பிளஸ் டூ மாணவி, கோத்தகிரி

அன்புள்ள மாணவிக்கு,

உன் அப்பாவின் டூல் பேக்கில் கிளாம்ப் மீட்டர் கட்டாயம் இருக்கும். ஒரு ஒயரைச் சுற்றிக் கவ்வினால் அதில் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று காட்டுமே, அதுதான். அடுத்த முறை ஃபேக்டரியில் இலை வாட்டும் ட்ரஃப் ஓடிக்கொண்டிருக்கும்போது, அந்த ஃபேன் மோட்டாரில் மூன்று இடங்களில் அளந்து எழுதிவரச் சொல். மோட்டாருக்குள் போகும் ஒயரில் ஒன்று. மோட்டாருக்கு இணையாகக் கட்டியிருக்கும் கெபாசிட்டருக்குப் போகும் ஒயரில் ஒன்று. இவை இரண்டும் பிரிவதற்கு முன்னால், ஸ்டார்ட்டருக்கு வரும் மெயின் ஒயரில் ஒன்று. மூன்றும் ஒரே ஃபேஸாக இருக்க வேண்டும். நீ பேனலைத் திறக்க வேண்டாம். அப்பாவே அளக்கட்டும். சுவிட்சை அணைத்த பிறகும் கெபாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

கணக்கு எளிதாக வர நானே எண்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். உங்கள் ஃபேக்டரியில் வேறு எண்கள் வரும், நடப்பது இதேதான். மோட்டார் ஒயரில் 23 ஆம்பியர். கெபாசிட்டர் ஒயரில் 18.4 ஆம்பியர். இரண்டுக்கும் சேர்த்து மின்சாரம் கொண்டுவரும் மெயின் ஒயரில் எவ்வளவு இருக்க வேண்டும்? கூட்டினால் 41.4. ஏதோ காரணத்தால் ஒன்றை ஒன்று எதிர்க்கிறது என்று கழித்தால் 4.6. மீட்டரோ 13.8 என்று காட்டும். மீட்டரில் பழுது இல்லை. வேறு மீட்டர் வைத்தாலும் 13.8தான். மோட்டாரை மட்டும் ஓட்டினால் 23 ஆம்பியர் இழுத்த மெயின் ஒயர், 18.4 ஆம்பியர் இழுக்கும் இன்னொரு பொருளையும் சேர்த்த பிறகு குறைவாக இழுக்கிறது. பத்தாவது வரை நீ படித்த எண்களைக் கொண்டு 23-ஐயும் 18.4-ஐயும் கூட்டிப் பார், கழித்துப் பார். 13.8 கிடைக்காது.

ஏன் என்று பார்ப்போம். நம் மின்சாரம் வினாடிக்கு 50 முறை ஏறி இறங்குகிறது. ஒரு சுற்றுக்கு 20 மில்லி வினாடி. மோட்டாருக்குள் இருப்பது செம்புக் கம்பிச் சுருள். சுருளின் குணம் உனக்கு இயற்பியலில் வந்திருக்கும்: அதன் மேல் விழும் வோல்டேஜ், அதில் ஓடும் மின்னோட்டத்தைப் பொறுத்தது இல்லை, மின்னோட்டம் மாறும் வேகத்தைப் பொறுத்தது. அதாவது L di/dt. இப்போது உன் கணக்குப் புத்தகத்துக்கு வா. sin ωt-ஐ வகையிட்டால் என்ன வரும்? ω cos ωt. cos என்பது தனி விலங்கு இல்லை, அதே sin அலை 90 பாகை முன்னால் நகர்ந்து நிற்கிறது. ஆக, அலையை ஒருமுறை வகையிடுவது என்றால் ω-வால் பெருக்கிக் கால் சுற்று நகர்த்துவது, அவ்வளவுதான். 50 ஹெர்ட்ஸில் அந்தக் கால் சுற்று 5 மில்லி வினாடி.

இன்னொரு முறை வகையிடு. −ω² sin ωt வரும். அந்த மைனஸைக் கொஞ்சம் உற்றுப் பார். கால் சுற்றை இரண்டு முறை செய்தால் அரைச் சுற்று. அரைச் சுற்று நகர்ந்த அலை, பழைய அலைக்கு நேர்த் தலைகீழ், அதாவது −1 மடங்கு. "இரண்டு முறை செய்தால் −1 ஆகும் செயல்" ஒன்று உன் கண் முன்னால், நீ நல்ல மதிப்பெண் வாங்கும் வகைநுண்கணிதப் பாடத்திலேயே இருக்கிறது. அந்தக் கால் சுற்றுக்கு வைத்த எழுத்துதான் i. மின்பொறியாளர்கள் i-ஐ மின்னோட்டத்துக்குக் கொடுத்துவிட்டதால் இதை j என்று எழுதுவார்கள். நானும் இனி j என்றே எழுதுகிறேன், கல்லூரியில் நீ பார்க்கப்போவது அதைத்தான்.

உனக்குப் பத்தாவது வரை சொன்னது பொய் ஆகிவிடவில்லை. எண்கோட்டின் மேல் இருக்கும் எந்த எண்ணையும் வர்க்கப்படுத்தினால் மைனஸ் வராது. இன்றும் வராது. ஆனால் ஒரு மின்னோட்டத்தைச் சொல்ல எண்கோடு போதாது. எவ்வளவு என்பதோடு, எவ்வளவு முந்தி அல்லது பிந்தி என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு தகவலுக்கு ஒரு கோடு போதாமல் தளம் தேவைப்படுகிறது. உன் புத்தகத்தில் ஆர்கண்ட் தளம் என்று வரைந்திருக்கிறதே, மோட்டாரின் மின்னோட்டம் குடியிருக்கும் இடம் அதுதான்.

இனிக் கணக்கைப் போடுவோம். பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு கூடவே போட்டு வா. வோல்டேஜ் 230, அதை மெய் அச்சின் மேல் வைக்கிறோம். இந்தச் சுமையில் மோட்டாரின் ஒரு ஃபேஸை 6 + 8j ஓம் என்று எடுத்துக்கொள்வோம். 6 என்பது வோல்டேஜோடு ஒத்துப்போகும் பகுதி. ஃபேனைச் சுற்றும் வேலைக்கும் சூடாகப் போவதற்கும் ஆகும் மின்சாரத்தை இதுதான் குறிக்கிறது. 8j என்பது சுருளின் காந்தப்புலத்துக்கானது. ஓம் விதி அப்படியே பொருந்தும், வகுத்தலில் மட்டும் நீ படித்த இணைக் கலப்பெண் வேலைக்கு வரும்:

I = 230 / (6 + 8j) = 230 (6 − 8j) / 100 = 13.8 − 18.4j

இதன் மட்டு மதிப்பு √(13.8² + 18.4²) = 23. மீட்டர் காட்டிய 23 இதுதான். கிளாம்ப் மீட்டருக்கு மட்டு மதிப்பு மட்டும்தான் தெரியும், திசை தெரியாது.

கெபாசிட்டர் சுருளுக்கு எதிர்க்குணம். அதில் மின்னோட்டம் வோல்டேஜை விடக் கால் சுற்று முந்தி வரும். 255 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் 50 ஹெர்ட்ஸில் சுமார் −12.5j ஓம். அதன் மின்னோட்டம் 230 / (−12.5j) = +18.4j. இப்போது இரண்டையும் கூட்டு:

(13.8 − 18.4j) + 18.4j = 13.8

மெயின் ஒயரில் மீட்டர் காட்டியது இதே எண்தான். 41.4-ம் வரவில்லை, 4.6-ம் வரவில்லை. ஒரே வரிக் கூட்டல், அதுவும் நீ தேர்வில் தொடாமல் விட்ட பாடத்தின் முதல் பயிற்சியில் வருகிற கூட்டல்.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. சுருள் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் காந்தப்புலத்தைக் கட்ட ஆற்றலை வாங்கி, புலம் சரியும்போது திருப்பிக் கொடுக்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல் வினாடிக்கு 100 முறை நடக்கிறது. கெபாசிட்டர் இல்லாவிட்டால் அந்த ஆற்றல் ட்ரான்ஸ்ஃபார்மர் வரை ஒயர் வழியாகப் போய்ப் போய் வரும். ஃபேனை ஒரு சுற்றுகூடக் கூடுதலாகச் சுற்றாது, ஆனால் ஒயரைச் சூடாக்கும். கெபாசிட்டரை மோட்டாருக்குப் பக்கத்தில் வைத்தால், சுருள் கொடுக்கும் நேரத்தில் அது வாங்குகிறது, சுருள் வாங்கும் நேரத்தில் அது கொடுக்கிறது. போக்குவரத்து அந்த இரண்டு அடி ஒயருக்குள் முடிந்துவிடுகிறது. உங்கள் ஃபேக்டரியின் மின் கட்டணத்தில் பவர் ஃபேக்டர் என்று ஓர் எண் இருக்கும், அப்பாவிடம் கேள். ஒயரில் ஓடும் மின்னோட்டத்தில் எத்தனை பங்கு வோல்டேஜோடு ஒத்துப்போகிறது என்பதைச் சொல்லும் எண் அது. நம் கணக்கில் அது 13.8 / 23 = 0.6, கெபாசிட்டர் வைத்த பின் 1. இது குறைந்தால் மின்வாரியம் அபராதம் போடுவது எதற்கு என்று இப்போது உனக்கே புரியும்.

ஒயர் எவ்வளவு சூடாகும் என்பதையும் பார்த்துவிடலாம். மெயின் போர்டிலிருந்து ட்ரஃப் வரை கேபிளின் மின்தடை 0.5 ஓம் என்று வை. முன்பு 23² × 0.5, ஏறக்குறைய 265 வாட் ஒரு ஃபேஸில் வீண். இப்போது 13.8² × 0.5, சுமார் 95 வாட். மூன்றில் ஒரு பங்கை விடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான் மிஞ்சுகிறது. மோட்டார் பழைய மோட்டார், ஃபேன் பழைய ஃபேன், வருகிற காற்றும் அதே அளவு.

நீ கேட்கலாம்: "இயற்பியல் புத்தகத்தில் முக்கோணம் வரைந்தே போடுகிறார்களே, j எதற்கு?" நியாயமான கேள்விதான். ஒரே சுருள், ஒரே கெபாசிட்டர் என்றால் முக்கோணம் போதும். இரண்டும் இணையாக நிற்க, அவற்றுக்கு முன்னால் கேபிள் தொடராக வரும்போது முக்கோணத்துக்குள் முக்கோணம் வரைய வேண்டியிருக்கும். j கையில் இருந்தால் இணைத் தடை சூத்திரமே போதும்:

(6 + 8j)(−12.5j) / (6 + 8j − 12.5j) = (100 − 75j) / (6 − 4.5j) = 16.67

மோட்டாரும் கெபாசிட்டரும் சேர்ந்து, வெளியிலிருந்து பார்த்தால், வெறும் 16.67 ஓம் ஹீட்டர் போல ஆகிவிட்டன. கேபிளையும் சேர்க்க வேண்டுமா, 0.5 கூட்டிக்கொள். பத்து மோட்டார் இருந்தாலும் இதே கூட்டல் பெருக்கல்தான். 1893-ல் சிகாகோவில் நடந்த சர்வதேச மின்சார மாநாட்டில் சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ் என்ற பொறியாளர் இந்த முறையை விரிவாக முன்வைத்தார். அதுவரை மாறுதிசை மின்சுற்று என்றாலே வகைக்கெழுச் சமன்பாடு, இல்லாவிட்டால் அளவுகோலும் வரைபடமும். 1932-ல் நம் பைக்காரா மின்நிலையம் ஓடத் தொடங்கி, மலையிறங்கிக் கோயம்புத்தூருக்கு மின்சாரம் போனபோது, அப்படிப்பட்ட நீண்ட லைன்களைக் கணக்கிடும் வழக்கமான கருவியாகவே கலப்பெண் ஆகியிருந்தது.

பழுது கண்டுபிடிக்கவும் இது உதவும். இந்த 255 மைக்ரோஃபாரட் ஒரே டப்பாவாக இல்லாமல், பாதிப் பாதியாக இரண்டு கெபாசிட்டர் என்று வை. ஒரு நாள் ஒன்றின் ஃபியூஸ் போய்விட்டது. மோட்டார் நிற்காது, சத்தம் மாறாது, யாருக்கும் தெரியாது. ஆனால் கெபாசிட்டர் பக்கம் 9.2j மட்டுமே இருக்கும். மெயின் ஒயரில் 13.8 − 9.2j, மட்டு மதிப்பு சுமார் 16.6. வழக்கமாக 13.8 காட்டும் இடத்தில் 16.6 வந்தால், ஃபேன் சுமையும் மாறவில்லை என்றால், கெபாசிட்டர் பெட்டியைப் பார்க்க வேண்டும் என்று கணக்கு சொல்லிவிடும்.

அதற்காக கெபாசிட்டரை அள்ளி வைத்தால் நல்லது என்று நினைத்துவிடாதே. 25 ஆம்பியர் இழுக்கும் கெபாசிட்டரை வைத்தால் மெயின் ஒயரில் 13.8 + 6.6j, அதாவது 15.3. மறுபடி ஏறுகிறது. மீட்டருக்குத் திசை தெரியாது என்றேனே, இங்கேதான் அது கடிக்கும். 15.3 என்பது கெபாசிட்டர் குறைவினாலும் வரலாம், மிகுதியினாலும் வரலாம். ஒரு கெபாசிட்டரைக் கழற்றினால் மின்னோட்டம் இறங்குகிறதா, மிகுதி. ஏறுகிறதா, குறைவு. மிகுதியில் ஆபத்தும் உண்டு. சப்ளையை அணைத்த பிறகு சுற்றிக்கொண்டே இருக்கும் மோட்டாருக்கு அந்த கெபாசிட்டர் மின்னோட்டம் ஊட்ட, மோட்டார் ஜெனரேட்டர் போல ஆகி வோல்டேஜ் எகிறக்கூடும். அதனால் நடைமுறையில் யாரும் சரியாக 1 வரை கொண்டுபோக மாட்டார்கள், கொஞ்சம் கீழேயே நிறுத்துவார்கள். நான் 1 வரை போனது கணக்கு சுத்தமாக வர வேண்டும் என்பதற்காக.

இந்த முறைக்கு எல்லையும் இருக்கிறது. கால் சுற்று என்ற பேச்சு, ஒரே அதிர்வெண்ணில் சீராக ஓடும் sin அலைக்குத்தான். மோட்டாரை ஸ்டார்ட் செய்யும் முதல் சில கணங்களில் மின்னோட்டம் பல மடங்கு ஏறி அடங்குகிறதே, அங்கே 6 + 8j செல்லாது, வகைக்கெழுச் சமன்பாட்டுக்கே திரும்ப வேண்டும். ஃபேனின் சுமை மாறினால் 6-ம் 8-ம் மாறும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் வைத்த மோட்டாரில் அலையே sin வடிவத்தில் இருக்காது. அதை 50, 250, 350 ஹெர்ட்ஸ் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக j கணக்குப் போட வேண்டும். 250 ஹெர்ட்ஸில் நம் கெபாசிட்டர் −12.5j இல்லை, −2.5j மட்டுமே. அதனால் அந்த அலையின் மின்னோட்டம் அதற்குள் தாராளமாகப் புகுந்து சூடாக்கும். டிரைவ் இருக்கும் பேனல்களில் கெபாசிட்டர் உப்பிக் கிடப்பதை அப்பா பார்த்திருக்கலாம். அதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கடைசியாக ஒன்று, இது நேராக உன் பாடத்திலிருந்தே. ஒன்றின் முப்படி மூலங்கள் படித்திருப்பாய்: 1, ω, ω². மூன்றின் கூட்டுத்தொகை சுழி. (இந்த ω வேறு, மேலே வகையிடலில் வந்த ω வேறு. எழுத்துப் பஞ்சம்தான் காரணம், குழம்பாதே.) உங்கள் ஃபேக்டரிக்கு வரும் மூன்று ஃபேஸும் ஒன்றுக்கொன்று 120 பாகை தள்ளி நிற்கின்றன. ஒரு ஃபேஸின் மின்னோட்டம் 13.8 என்றால் மற்றவை 13.8ω, 13.8ω². மூன்று ஒயரையும் ஒன்றாகச் சேர்த்து கிளாம்ப் மீட்டரின் வாய்க்குள் வைத்தால்:

13.8 (1 + ω + ω²) = 0

ஒவ்வொரு ஒயரிலும் 13.8 ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டர் சுழி காட்டும். அப்பாவிடம் செய்துகாட்டச் சொல். இதில் ஒரு பயனும் இருக்கிறது. போன மின்னோட்டம் முழுதாகத் திரும்பாமல் ஏதோ வழியில் மண்ணுக்குப் போனால் கூட்டுத்தொகை சுழி ஆகாது. மழையும் மேகமூட்டமுமாக வாரக்கணக்கில் இழுக்கும் நம் ஊரில், ஓடாமல் நின்ற மோட்டாரின் சுருளில் ஈரம் இறங்கி இன்சுலேஷன் தளர்வது சகஜம். மின்கசிவைப் பிடித்து சப்ளையைத் துண்டிக்கும் ரிலேக்கள் பார்ப்பது இந்தக் கூட்டுத்தொகையைத்தான்.

கோர்ஸை மாற்றாதே. எலெக்ட்ரிக்கலில் முதல் இரண்டு ஆண்டு சர்க்யூட் பாடம் முழுக்க j-தான் வரும். அதற்கு வேண்டியது கலப்பெண்ணில் நாலே வேலை: கூட்டல், பெருக்கல், இணைக் கலப்பெண்ணால் வகுத்தல், a + bj வடிவத்திலிருந்து மட்டு மதிப்பு–கோண வடிவத்துக்குப் போய் வருதல். அரையாண்டுக்கு முன் இந்த நாலையும் கை பழக்கிக்கொள். புத்தகத்தில் கடைசியில் வரும் நிரூபணக் கணக்குகளை அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் இதைப் போட்டு அனுப்பு. அதே 230 வோல்ட், மோட்டார் 8 + 6j ஓம். பவர் ஃபேக்டரை 1 ஆக்க எத்தனை ஆம்பியர் கெபாசிட்டர் வேண்டும், அதன் பிறகு மெயின் ஒயரில் மீட்டர் என்ன காட்டும்? 13.8-ம் 18.4-ம் இந்த முறை இடம் மாறி வந்தால் கணக்கு சரி. கூடவே, உங்கள் ஃபேக்டரி ட்ரஃப் மோட்டாரில் அப்பா அளந்த மூன்று எண்களையும் எழுது. அதிலிருந்து அந்த மோட்டாரின் a + bj என்ன என்பதை அடுத்த கடிதத்தில் நாம் சேர்ந்தே கண்டுபிடிக்கலாம்.